ஆயிரம் கிளிக் வந்தும் கல்லா நிறையாதது ஏன்?

லெம்பா பெர்த்தாம் – ரிங்லெட் பட்டணத்தைத் தாண்டிக் கீழே இறங்கினால் லெம்பா பெர்த்தாம் வருகிறது. காய்கறித் தோட்டங்களும் பூந்தோட்டங்களும் நிறைந்த பள்ளத்தாக்கு அது. கேமரன்மலைக்கு வரும் சுற்றுப்பயணிகளில் பெரும்பாலோர் தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்கிற்கும் போய்விடுகிறார்கள். இந்தப் பக்கம் திரும்புவோர் குறைவு. அதனால் இங்கே சிறு கடை வைத்திருப்பவர்கள் தேயிலைத்தூள், ஸ்ட்ராபெரி ஜாம் போன்றவற்றைக் கூரியர் மூலம் வெளியூர்களுக்கு விற்க முகநூல் விளம்பரத்தை நாடுவது இயல்பு.

விளம்பரம் போட்டவர்களில் பலருக்கும் ஒரே குழப்பம்தான். கைப்பேசித் திரையில் கிளிக் எண்ணிக்கை ஏறுகிறது. கல்லாவில் பணம் ஏறவில்லை. ஏன்? ஓர் எடுத்துக்காட்டுக் கடையை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை தெளிவாகும். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்பதற்காக முழு எண்களே இங்கே பயன்படுத்தப்பட்டுள்ளன.

அந்தக் கடையை நடத்துபவர் ஓர் அக்கா. இரண்டு பொட்டலம் தேயிலைத்தூளும் ஒரு புட்டி ஜாமும் சேர்ந்த பரிசுப் பொட்டலத்தை 32 வெள்ளிக்கு விற்கிறார். கூரியர் செலவு 9 வெள்ளி தனி. பொருளின் அடக்கவிலையும் பெட்டிச் செலவும் போக ஒரு பொட்டலத்தில் அவருக்கு மிஞ்சுவது 9 வெள்ளி. வரவு செலவுக் கணக்கு எழுதித் தரும் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் அவர் கேட்கும் கேள்வி இதுதான்:

“போன மாசம் 160 பேர்தான் கிளிக் பண்ணாங்க, 24 ஆர்டர் வந்துச்சு. இந்த மாசம் அதே காசுக்கு 1,000 பேர் கிளிக் பண்ணிருக்காங்க. ஆனா 18 ஆர்டர்தான். எங்க தம்பி தப்பு?”

கேட்டது என்னவோ, கிடைத்ததும் அதுவே

“ரெண்டு மாசமும் ஒரே மாதிரிதான் விளம்பரம் போட்டீங்களாக்கா?” என்று தம்பி முதலில் கேட்க வேண்டும். அங்கேதான் பாதி விடை இருக்கிறது.

முதல் மாதம் அக்கா தன் பக்கத்தில் போட்ட பதிவுக்குக் கீழே இருந்த பொத்தானை அழுத்தி, “Get more messages” என்ற நோக்கத்தைத் தேர்ந்தெடுத்தார். விளம்பரத்தைத் தொட்டவர்கள் நேராக அவருடைய புலன எண்ணுக்கு வந்தார்கள். இரண்டாம் மாதம் அவர் மகன் இணையத்தில் ஒரு சிறு விற்பனைப் பக்கம் அமைத்துக் கொடுத்தார். “Ads Manager” வழியாகப் புதிய விளம்பரமும் போட்டார். அதில் தேர்ந்தெடுத்த நோக்கம் “Traffic”. அளவுகோல் “Link clicks”. படம் அதேதான், எழுத்தும் அதேதான், பணமும் அதேதான். மாறியவை அந்தத் தேர்வும், தொட்டவர்கள் போய்ச் சேரும் இடமும்தான்.

அந்தத் தேர்வு சும்மா ஒரு பெயர்ச்சீட்டு அல்ல. விளம்பரத்தை யாருக்குக் காட்டுவது என்று முகநூலின் கணினி முடிவு செய்வதே அதை வைத்துத்தான். ஒவ்வொருவரும் இதுவரை எதைத் தொட்டார், எதைப் பார்த்துவிட்டுப் போனார், எந்தக் கடைக்குச் செய்தி அனுப்பினார், எதை வாங்கினார் என்ற பழக்கம் அதனிடம் பதிவாக இருக்கிறது. “கிளிக் வேண்டும்” என்று சொன்னால், கொடுத்த பணத்துக்கு ஆகக் கூடுதலான கிளிக்கை யார் கொடுப்பார்கள் என்று அது தேடும். கண்ணில் பட்டதையெல்லாம் தொட்டுப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் முதலில் அகப்படுவார்கள். அவர்களில் வாங்கும் பழக்கம் உள்ளவர்கள் எத்தனை பேர் என்று அது கவலைப்படாது. அக்கா அதைக் கேட்கவே இல்லையே.

வாங்கும் பழக்கம் உள்ளவர்களை எல்லாக் கடைகளும் தேடுகின்றன. முகநூலில் விளம்பர இடம் ஏலத்தில் போகிறது என்பதால், பல கடைகள் போட்டிபோடும் மனிதரின் கண்முன் நிற்க விலை அதிகம். யாரும் அதிகம் தேடாத மனிதரின் கிளிக் மலிவு. எனவே கிளிக் விலை திடீரென இறங்கினால், அது விளம்பரம் நன்றாக வேலை செய்வதன் அடையாளமாகவும் இருக்கலாம். வாங்காத கூட்டத்தின் பக்கம் விளம்பரம் திரும்பிவிட்டதன் அடையாளமாகவும் இருக்கலாம். கிளிக் எண்ணிக்கையை மட்டும் பார்த்து இரண்டில் எது என்று சொல்ல முடியாது.

பிரிஞ்சாங் பாசார் மாலாமில் கடை போட்டவர்களுக்கு இது புதிதல்ல. விடுமுறை நாளில் கூட்டம் தோளோடு தோள் உரசும். ஆனால் காரில் கொண்டுபோக முடியாத பொருளை விற்பவருக்கு அந்தக் கூட்டத்தால் பயனில்லை. எத்தனை பேர் கடந்து போனார்கள் என்பதும், வாங்க வந்தவர்கள் எத்தனை பேர் என்பதும் வேறு வேறு கணக்கு.

எல்லாக் கிளிக்கும் ஒன்றல்ல

அடுத்து, அந்த 1,000 என்ற எண்ணையே பிரித்துப் பார்க்க வேண்டும். முகநூல் அறிக்கையில் கிளிக் என்ற சொல் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வரும்.

“Clicks (all)” என்பதில் எல்லாமே அடங்கும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தது, விருப்பம் தெரிவித்தது, மீதி எழுத்தைப் படிக்கத் தொட்டது, கடையின் பெயரைத் தொட்டது அனைத்தும் அதில் சேரும். “Link clicks” என்பது இணைப்பைத் தொட்டவை மட்டும். “Landing page views” என்பது இணைப்பைத் தொட்ட பிறகு பக்கம் உண்மையிலேயே திறந்து முடித்தவை. இந்த மூன்றாவது எண் தெரிய வேண்டுமானால், பிக்சல் என்ற சிறு குறிமுறையை விற்பனைப் பக்கத்தில் முன்கூட்டியே பொருத்தியிருக்க வேண்டும்.

அக்கா கடையின் அறிக்கையில் “Link clicks” 1,000. “Landing page views” 620. அப்படியானால் 380 முறை விரல் பட்டிருக்கிறது, பக்கம் திறக்கவில்லை.

“அந்த 380 எங்க போச்சு தம்பி?”

“சிலருக்குப் படம் பெருசா இருந்து பக்கம் மெதுவாத் திறந்திருக்கும்க்கா, பொறுமையில்லாம மூடிட்டாங்க. சிலரு தெரியாம விரல் பட்டுத் தொட்டிருப்பாங்க.”

தெரியாமல் விரல் படுவது அதிகம் நடக்கும் இடம் ஒன்று உண்டு. “Ads Manager”-இல் விளம்பரம் எங்கெங்கே தோன்ற வேண்டும் என்று நாம் குறிப்பிடாமல் விட்டால், கணினியே இடத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். முகநூல், இன்ஸ்டாகிராம் மட்டுமல்லாமல் “Audience Network” என்ற வெளி இடங்களிலும் அது தோன்றலாம். கைப்பேசி விளையாட்டுகள் போன்ற பிற செயலிகளுக்குள் வரும் விளம்பரம் அது. விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தை விளம்பரத்தை மூடப்போய் அதன்மீதே விரலை வைத்துவிடுவதும் ஒரு கிளிக்தான். அதற்கும் காசு உண்டு.

இதைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. அறிக்கையில் “Breakdown” என்ற இடத்தைத் தொட்டு “Placement” என்பதைத் தேர்ந்தெடுத்தால், எந்த இடத்திலிருந்து எத்தனை கிளிக் வந்தது என்று தனித்தனி வரிசையாகக் காட்டும். ஒரு வரிசையில் கிளிக் மிக அதிகமாகவும், பக்கம் திறந்த எண்ணிக்கை மிகக் குறைவாகவும் இருந்தால், அங்கே காசு வீணாகிறது என்று பொருள். அடுத்த முறை அந்த இடத்தை நீக்கிவிடலாம்.

மலைப்பகுதிக்கே உரிய இன்னொரு பொறியும் உண்டு. பொட்டலத்தை அனுப்பாமல், கடைக்கு ஆள் வரவேண்டும் என்று விளம்பரம் செய்பவர்கள் வரைபடத்தில் கடையைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார்கள். அந்த வட்டம் நேர்கோட்டுத் தூரத்தை அளக்கும், மலையை அறியாது. லெம்பா பெர்த்தாமைச் சுற்றி 40 கிலோமீட்டர் வட்டம் போட்டால் பேராக்கில் உள்ள தாப்பாவும் பீடோரும் கம்பாரும் அதற்குள் வந்துவிடும். அங்கிருந்து இங்கே வர, வளைந்து வளைந்து ஏறும் சாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு பொட்டலம் தேயிலைக்காக யாரும் அப்படி ஏறி வரப்போவதில்லை. கீழ்நாட்டுப் பட்டணங்களில் மக்கள்தொகை அதிகம் என்பதால் கிளிக்கில் பெரும்பகுதி அங்கிருந்தே வரும். கல்லாவில் ஒன்றும் தெரியாது.

எந்தப் படியில் ஆள் குறைந்தது?

பக்கம் திறந்த 620 பேரில், பொட்டலத்தைக் கூடையில் போட்டவர்கள் 74 பேர். பணம் கட்டி முடித்தவர்கள் 18 பேர். கூடையில் எடுத்துப் போட்ட 56 பேர் கடைசிப் படியில் திரும்பிவிட்டார்கள்.

இந்த 56 பேர்தான் இந்தக் கதையில் முக்கியமானவர்கள். விளையாட்டுக்குத் தொட்டவர்கள் கூடை வரைக்கும் வரமாட்டார்கள். இவர்கள் வாங்க நினைத்தவர்கள். என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள, அக்கா தன் கைப்பேசியிலேயே வாடிக்கையாளர்போல் ஒருமுறை ஆர்டர் செய்து பார்த்தால் போதும். பொட்டலத்தின் விலை 32 வெள்ளி என்று பக்கம் காட்டுகிறது. பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் நிரப்பிய பிறகு, கடைசித் திரையில் 41 வெள்ளி என்று வருகிறது. கூரியர் செலவு 9 வெள்ளி அங்கேதான் முதன்முதலாகத் தலைகாட்டுகிறது.

“புலனத்துல கேட்கிறவங்களுக்கு நீங்க எப்பச் சொல்வீங்கக்கா, போஸ்ட் காசு?”

“முதல்லயே சொல்லிடுவேன் தம்பி. ரெண்டா வாங்குனா ஒரே பெட்டியில போட்டு அனுப்புறேன், தனித்தனியா அனுப்புற செலவு மிச்சம்னும் சொல்வேன்.”

முதல் மாதம் விற்பனை ஆனதற்கான காரணங்களில் ஒன்று இது. 160 கிளிக்கில் 60 பேர் செய்தி அனுப்பினார்கள்; 24 பேர் வாங்கினார்கள். அக்கா ஒவ்வொருவருடனும் பேசி, ஐயத்தைத் தீர்த்து, கூரியர் செலவை மறைக்காமல் சொன்னார். இரண்டாம் மாதம் அந்த வேலையைச் செய்ய ஆளில்லை. பக்கம் ஊமையாக நின்றது.

கூரியர் செலவை முதல் வரியிலேயே போட்டால் கூடையில் போடுபவர்கள் 74-ஐவிடக் குறைவார்கள். அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. குறைபவர்கள் எப்படியும் வாங்காமல் போயிருப்பவர்கள். மிஞ்சி நிற்பவர்கள் 41 வெள்ளி என்று தெரிந்தே நிற்பவர்கள்.

இப்படிப் படிப்படியாக எழுதிப் பார்ப்பதில் ஒரு பயன் உண்டு. “விளம்பரம் சரியில்லை” என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லாமல், எந்தப் படியில் ஆள் உதிர்ந்தார்கள் என்று சொல்ல முடிகிறது. கிளிக்குக்கும் பக்கம் திறப்பதற்கும் இடையில் உதிர்ந்தால், விளம்பரம் தோன்றும் இடத்தையோ பக்கத்தின் வேகத்தையோ பார்க்க வேண்டும். பக்கம் திறந்தும் யாரும் கூடையில் போடவில்லை என்றால், வந்தவர்கள் தவறான ஆட்கள். அல்லது படத்தில் பார்த்ததும் பக்கத்தில் இருப்பதும் வேறு. கூடைக்குப் பிறகு உதிர்ந்தால், விலையையும் பணம் கட்டும் முறையையும் பார்க்க வேண்டும்.

ஒரு கிளிக் எவ்வளவு பெறும்?

இனி பணக் கணக்கு. இரண்டு மாதமும் விளம்பரத்துக்கு 200 வெள்ளி. மலேசியாவில் இத்தகைய இலக்கவியல் சேவைகளுக்குச் சேவை வரி உண்டு. 2020 ஜனவரியில் 6 விழுக்காடாகத் தொடங்கிய அந்த வரி, 2024 மார்ச் முதல் 8 விழுக்காடாக உயர்ந்தது. எனவே அக்காவின் உண்மைச் செலவு 216 வெள்ளி. வரியைச் சேர்க்காமல் கணக்குப் பார்ப்பது பலரும் செய்யும் தவறு.

முதல் மாதம் 216 வெள்ளியை 160 கிளிக்கால் வகுத்தால் ஒரு கிளிக் 1 வெள்ளி 35 காசு. இரண்டாம் மாதம் ஒரு கிளிக் ஏறக்குறைய 22 காசு. திரையில் பார்க்க இரண்டாவதே மலிவு. மகன் மகிழ்ந்ததும் அதனால்தான்.

ஆனால் அக்கா விற்பது கிளிக் அல்ல, பொட்டலம். முதல் மாதம் 216 வெள்ளிக்கு 24 ஆர்டர். ஓர் ஆர்டரைக் கொண்டுவர 9 வெள்ளி செலவு. மிஞ்சுவதும் 9 வெள்ளி. ஆகவே இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. இரண்டாம் மாதம் 18 ஆர்டர். ஓர் ஆர்டருக்கு 12 வெள்ளி. ஒவ்வொரு பொட்டலத்திலும் 3 வெள்ளி கையைவிட்டுப் போயிருக்கிறது. மொத்தம் 54 வெள்ளி நட்டம்.

இதிலிருந்து கடைக்காரர் எவரும் தன் கடைக்கு ஓர் எல்லை போட்டுக்கொள்ளலாம். நூறு கிளிக்கில் எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்று பாருங்கள். அதை ஒரு பொருளில் மிஞ்சும் பணத்தால் பெருக்கி, நூறால் வகுத்துவிடுங்கள். அக்காவுக்கு இரண்டாம் மாதம் நூறில் 1.8 பேர் வாங்கினார்கள். 1.8-ஐ 9-ஆல் பெருக்கினால் 16 வெள்ளி 20 காசு; நூறால் வகுத்தால் ஏறக்குறைய 16 காசு. அந்தக் கிளிக்குக்கு அவர் 16 காசுக்கு மேல் கொடுக்கக் கூடாது. கொடுத்ததோ 22 காசு. முதல் மாதக் கிளிக் 1 வெள்ளி 35 காசு பெறுமானம் உள்ளது; கொடுத்ததும் அதே விலைதான். 22 காசுக் கிளிக் விலை கூடியதாகவும், 1 வெள்ளி 35 காசுக் கிளிக் நியாயமானதாகவும் ஆவது இப்படித்தான்.

விளம்பரம் இல்லாமலும் வந்திருப்பார்களா?

“அப்படின்னா பழைய மாதிரியே புலனத்துக்குப் போட்டா சரியாப் போயிடுமா தம்பி?”

அவசரப்பட முடியாது. இன்னொரு கேள்வி மிச்சம் இருக்கிறது. முதல் மாதம் வாங்கிய 24 பேரின் பெயர்களை அக்கா தன் பழைய ஆர்டர் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். 9 பெயர்கள் ஏற்கெனவே புத்தகத்தில் இருக்கின்றன. அவர்களிடம் அக்காவின் எண் உண்டு. தூள் தீர்ந்தால் தாங்களே கூப்பிடுபவர்கள். இம்முறை விளம்பரம் கண்ணில் பட்டதால் அதைத் தொட்டு வந்தார்கள்.

அறிக்கை அவர்களையும் விளம்பரத்தால் வந்த ஆர்டராகவே எண்ணும். அதற்கு வேறு வழி தெரியாது. ஆனால் அந்த 9 பேரும் எப்படியும் வாங்கியிருப்பார்கள் என்றால், விளம்பரம் உண்மையில் கொண்டுவந்தது 15 ஆர்டர். அதில் மிஞ்சியது 135 வெள்ளி; செலவு 216 வெள்ளி. சரிக்குச் சரி என்று நினைத்த முதல் மாதமும் 81 வெள்ளி நட்டமே.

இந்தத் தவறைப் பெரிய நிறுவனங்களும் செய்திருக்கின்றன. இணைய ஏல விற்பனை நிறுவனமான ஈபே, கூகுள் போன்ற தேடுதளங்களில் விளம்பரத்துக்குப் பெரும் பணம் செலவிட்டு வந்தது. 2012-இல் அங்கு பணியாற்றிய ஆய்வாளர்கள் தாமஸ் பிளேக், கிறிஸ் நாஸ்கோ, ஸ்டீவன் டாடெலிஸ் ஆகிய மூவரும் அதைச் சோதித்தார்கள். முதலில், ஈபே என்ற பெயரையே தட்டித் தேடுபவர்களுக்குக் காட்டும் விளம்பரத்தைச் சில தேடுதளங்களில் நிறுத்தினார்கள். விளம்பரத்தின் வழியாக வந்துகொண்டிருந்த கிளிக்கில் 99.5 விழுக்காடு, அதே பக்கத்தில் கீழே இருக்கும் இலவச இணைப்பின் வழியாக அப்படியே வந்து சேர்ந்தது. வாசல் திறந்திருக்க, வாசலைக் காட்டக் கூலி கொடுத்ததுபோல் ஆயிற்று.

அடுத்து, பொருள்களின் பெயரைத் தேடுபவர்களுக்கான விளம்பரத்தை அமெரிக்காவின் சில வட்டாரங்களில் மட்டும் நிறுத்தி, மற்ற வட்டாரங்களில் தொடர்ந்தார்கள். இரு பக்க விற்பனைக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. அடிக்கடி வாங்கும் பழைய வாடிக்கையாளர்களே கிளிக்கில் பெரும்பங்கு என்பதும், அவர்கள் விளம்பரம் இல்லாமலும் வாங்குபவர்கள் என்பதும் தெரியவந்தது. ஆனால் ஈபேயை அதிகம் பயன்படுத்தாதவர்களிடமும் புதியவர்களிடமும் விளம்பரம் வேலை செய்தது. இந்த ஆய்வு 2015-இல் ‘எகானமெட்ரிகா’ என்ற பொருளியல் ஆய்விதழில் வெளிவந்தது.

சிறு கடைக்கு இதில் எச்சரிக்கையும் உண்டு, நம்பிக்கையும் உண்டு. ஈபேயின் பெயர் ஊரறிந்தது. லெம்பா பெர்த்தாம் கடையின் பெயர் கிள்ளானில் யாருக்கும் தெரியாது. தெரியாதவருக்குத் தெரிவிப்பதில்தான் விளம்பரத்துக்கு வேலை இருக்கிறது. அக்காவின் கணக்கிலும் அதுவே தெரிகிறது. புதிதாக வந்த 15 பேரில் 9 பேர், தூள் தீர்ந்ததும் விளம்பரம் இல்லாமலே மறுபடி ஒருமுறை வாங்கினால், 9 பொட்டலத்தில் 81 வெள்ளி மிஞ்சும். முதல் மாத நட்டம் அடைபட்டுவிடும். மூன்றாம் முறை வாங்குவது இலாபம். ஒருவரும் திரும்பி வரவில்லை என்றால், விளம்பரத்தை எப்படி மாற்றிப் போட்டாலும் இந்த விலையில் கட்டுப்படியாகாது.

வீட்டிலேயே செய்து பார்க்கும் சோதனை

ஈபே செய்ததைச் சிறிய அளவில் அக்காவும் செய்யலாம். முதல் நான்கு வாரம் விளம்பரம் பேராக்கில் மட்டும் தோன்றட்டும், சிலாங்கூரில் வேண்டாம். அடுத்த நான்கு வாரம் சிலாங்கூரில் மட்டும், பேராக்கில் வேண்டாம். பொட்டலத்தில் ஒட்டும் முகவரியே எந்த மாநிலம் என்று சொல்லிவிடும். எட்டு வாரம் முடிந்ததும், விளம்பரம் இருந்த இடங்களின் ஆர்டரை ஒரு பக்கமும், இல்லாத இடங்களின் ஆர்டரை மறுபக்கமும் கூட்டிப் பார்க்க வேண்டும். கிளிக்கைப் பார்க்கவே வேண்டியதில்லை. தீபாவளிக்கு முந்திய வாரங்களையும் பள்ளி விடுமுறையையும் தவிர்ப்பது நல்லது. அப்போது விளம்பரம் இல்லாமலே விற்பனை கூடும். இரண்டையும் பிரித்தறிவது கடினம்.

ஒரு கவனம் தேவை. சிறு கடையின் எண்கள் தாமாகவே ஏறி இறங்கும். 16 ஆர்டர் வரவேண்டிய காலத்தில் 12 வருவதும் 20 வருவதும் சாதாரணம். விளம்பரம் இல்லாத பக்கம் 16, இருந்த பக்கம் 20 என்றால், அந்த 4-ஐ வைத்து எதையும் சொல்ல முடியாது. 16-க்கு 32 என்றால் ஓரளவு நம்பலாம். இடையில் இருந்தால் இன்னும் எட்டு வாரம் தொடர வேண்டும். அக்கா முதலில் கவலைப்பட்ட 24-க்கும் 18-க்கும் உள்ள வேறுபாடுகூட, அதை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டால் தற்செயலாக நேரக்கூடியதே. 1,000 கிளிக் வந்தும் ஆர்டர் கூடவே இல்லை என்பதுதான் தற்செயல் அல்லாத செய்தி.

சோதனை நடக்கும்போது புதிதாக வாங்கும் ஒவ்வொருவரிடமும் “எங்க கடையை எப்படித் தெரியும்?” என்று ஒரு வரி கேட்டு எழுதிக்கொள்ளலாம். ஆர்டர் புத்தகத்தில் நான்கு கட்டம் போதும்: தேதி, ஊர், பழையவரா புதியவரா, எப்படித் தெரிந்தது. மூன்று மாதம் கழித்து அந்தப் புத்தகத்தில் புதியவர்களின் பெயர் இரண்டாம் முறை வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

“அப்போ அந்த 1,000 கிளிக்கை என்ன தம்பி செய்றது?”

“அதை விடுங்கக்கா. கூடையில போட்டுட்டுத் திரும்பிப் போனாங்களே 56 பேரு, முதல்ல அவங்களைப் பார்ப்போம். போஸ்ட் காசை மேல எழுதுங்க. பக்கத்துல உங்க புலன எண்ணையும் பெருசாப் போடுங்க.”